கவுண்ட் ஏறிய மத்தியானம்

ஹாரனை அழுத்திப் பிடித்தபடியே ஒரு வேன் மருத்துவமனை வாசலுக்குள் நுழைந்து நின்றது. கதவு படீரென்று திறக்க, பதினொரு பேர் குதித்து இறங்கினார்கள். ஒட்ட வெட்டிய தலைமுடியே போலீஸ் என்று சொன்னது. யாரையோ பிடிக்க வந்துவிட்டார்கள் என்று நினைத்து, சீட்டு வாங்க நின்ற கூட்டம் தானாக வழி விட்டது.

அவர்கள் யாரையும் பிடிக்க வரவில்லை. ரத்தம் கொடுக்க வந்திருந்தார்கள்.

மாடி ஜன்னலில் இருந்து பார்த்த டாக்டர் வஞ்சுளவல்லி கண்ணை மூடித் திறந்தாள். ராஜபாளையத்தில் இருபது கட்டில் கொண்ட அந்தச் சின்ன மருத்துவமனையில் இருபத்து மூன்று பேர் படுத்திருந்தார்கள். பாதிக்கு மேல் டெங்கு. நான்கு நாளாக அவளிடம் யாரும் நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. கவுண்ட், அதாவது ரத்தத்தில் பிளேட்லெட் எண்ணிக்கை, எவ்வளவு என்று மட்டும்தான் கேட்டார்கள்.

பதினொரு பேரையும் வரவழைத்தவர் சுந்தரபாண்டியன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர். ஏழாம் நம்பர் கட்டிலில் கிடக்கும் மாரீஸ்வரி அவருடைய மூத்த மருமகள். அவள் புருஷன் பட்டாளத்தில், காஷ்மீர்ப் பக்கம். மாமியார் ஒரு வயதுப் பேரனை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். ஆகவே மருமகளைக் கவனிக்கும் பொறுப்பை மாமனாரே எடுத்துக்கொண்டார், ஸ்டேஷனை நடத்தியது போல. இளைய மகன் விஜயபாண்டி, அவனும் கான்ஸ்டபிள்தான், ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினான். முதல் நாள் தொண்ணூறாயிரம். பிறகு ஐம்பத்திரண்டு. நேற்று இருபத்தெட்டு. இன்று காலை பதினெட்டு.

காலைச் சுற்றுக்கு வஞ்சுளவல்லி வந்தபோது கட்டிலைச் சுற்றி ஐந்து ஆண்கள் நின்றார்கள். சுந்தரபாண்டியன் கால்மாட்டில் கை கட்டி நின்றார்.

"ஒன்றரை லட்சம் இருக்க வேண்டியது பதினெட்டாயிரத்துல கெடக்கு. இன்னும் எதுக்குக் காத்திருக்கிய, டாக்டரம்மா? ஆளு வெளிய ரெடியா நிக்கு. மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி பிளேட்லெட் எடுத்துட்டு வந்துருதோம்."

வஞ்சுளவல்லி ஐந்தாவது முறையாக விளக்கினாள். இந்த வைரஸ் எலும்பு மஜ்ஜையைச் சில நாளைக்கு மந்தமாக்கிவிடும். பிளேட்லெட் என்கிற தட்டணுக்கள் புதிதாகக் குறைவாகத்தான் வரும். ரத்தத்தில் ஓடுகிறவற்றையோ உடம்பின் எதிர்ப்புச் சக்தியே எதிரி என்று எண்ணி அழிக்கும். வெளியிலிருந்து ஏற்றினால் அதையும் சில மணி நேரத்தில் அழித்துவிடும். ரத்தப்போக்கு இல்லாதவரை ஏற்றுவதால் பயனில்லை. மஜ்ஜை தானாக விழித்துக்கொள்ளும். பயப்பட வேண்டியது வேறு. காய்ச்சல் நேற்றோடு விட்டுவிட்டது. விட்ட பிறகு வரும் இந்த இரண்டு நாள்தான் ஆபத்து. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறும், ரத்தம் கெட்டியாகும். நூறு பங்கு ரத்தத்தில் சிவப்பணு எத்தனை பங்கு என்று சொல்லும் பி.சி.வி.யைப் பார்த்தால் அது தெரியும். மாரீஸ்வரிக்கு முதலில் முப்பத்தெட்டு இருந்தது, நேற்று நாற்பத்தாறு ஆனது. அளந்து அளந்து சலைன் கொடுத்ததில் இன்று நாற்பத்தொன்று. கசிவு அடங்குகிறது என்று அர்த்தம். அதனால் சலைனைப் பாதியாகக் குறைக்கப் போகிறேன் என்றாள்.

சுந்தரபாண்டியன் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நாங்க கேட்டது பிளேட்லெட். நீங்க பாடம்லா நடத்துதிய" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

வஞ்சுளவல்லிக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. இன்னும் பதினாறு நோயாளிகள் பாக்கி. மாரீஸ்வரியின் பக்கம் திரும்பி, ஈறில் ரத்தம் வருகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா, வேறு எங்கேயாவது ரத்தம் போகிறதா, மாதவிலக்கா என்று ஒரே மூச்சில் கேட்டாள். மாரீஸ்வரி இல்லை என்று தலையாட்டினாள். நாடித்துடிப்பு எண்பத்தெட்டு. ரத்த அழுத்தம் நூற்றுப் பத்துக்கு எழுபது. குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு வார்டில் கைதட்டல் கேட்டது. கவுண்ட் இருபத்தோராயிரம்! விஜயபாண்டி அண்ணனுக்கு அனுப்பிவிட்டு, கீழே நின்ற பதினொரு பேருக்கும் வடை வாங்க ஓடினான். நேற்று யாரோ கொடுத்த பப்பாளி இலைச் சாறு வேலை செய்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். அதை மாரீஸ்வரி அப்போதே வாந்தி எடுத்துவிட்டாள் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நாளை வீட்டுக்குப் போகலாமா என்று சுந்தரபாண்டியன் நர்ஸ் ஈஸ்வரியிடம் விசாரித்தார்.

ஈஸ்வரி ரிப்போர்ட் சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்கு வந்து, மூன்றாவது வரியில் விரலை வைத்தாள்.

பி.சி.வி. முப்பத்தொன்று.

மூவாயிரம் தட்டணு ஏறுவதும் இறங்குவதும் ஒரு பொருட்டே இல்லை. அதே ரத்தத்தை மறுபடி எண்ணினால் மெஷினே அவ்வளவு மாற்றிச் சொல்லும். ஆனால் ஆறு மணி நேரத்தில் சிவப்பணு பத்துப் பங்கு குறைவது அப்படியில்லை. வெளியே கசிந்த நீர் திரும்ப ரத்தத்துக்குள் வந்தாலும் பி.சி.வி. இறங்கும், ஆனால் அப்போது நோயாளி தெளிவாக இருப்பார், நாடி நிதானப்படும். சலைனால் நீர்த்தது என்றால், அதைத்தான் காலையிலேயே குறைத்தாயிற்றே. அப்படியானால் எங்கேயோ ரத்தம் போகிறது.

வஞ்சுளவல்லி ஓடினாள். மாரீஸ்வரியின் உதடு வெளுத்திருந்தது. உள்ளங்கை சில்லென்று வியர்த்திருந்தது. நாடி நூற்று இருபத்து நாலு. அழுத்தம் தொண்ணூறுக்கு எழுபது.

"எல்லாரும் வெளிய போங்க."

"கவுண்ட்தான் ஏறிட்டுதே டாக்டரம்மா" என்று சுந்தரபாண்டியன் ஆரம்பித்தார்.

"வெளிய போங்க சார்."

ஈஸ்வரி திரையை இழுத்து மூடினாள். போர்வையை விலக்கியதும் தெரிந்துவிட்டது. கட்டில் விரிப்பின் மேல் நான்காக மடித்த சேலை ஒன்று, முழுக்க ரத்தத்தில் நனைந்து. கழிவறையில், வாளிக்குப் பின்னால் கறுப்புப் பாலித்தீன் பையில் நனைந்த நாப்கினும் துணியும் இன்னும் நிறைய இருந்தன.

அதன் பிறகு யாரும் பாடம் கேட்கவில்லை. இரண்டு கைகளிலும் ஊசி ஏறியது. சலைன் வேகமாக ஓடியது. ரத்தப்போக்கை நிறுத்த மருந்து போனது. இப்போது தட்டணுவும் தேவைதான் என்று வஞ்சுளவல்லி சொன்னதும் விஜயபாண்டி நான்கு பேரோடு மதுரைக்குப் பறந்தான். அது வந்து சேர நேரமாகும்; அதற்கு முன்னால் சிவப்பணு வேண்டும். ஊரின் ரத்த வங்கியில் பி பாசிட்டிவ் இரண்டு பை கிடைத்தது. ஈடாக மிச்சமிருந்தவர்கள் வரிசையில் நின்று கொடுத்தார்கள். சுந்தரபாண்டியன் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒருமுறை எழுந்து வந்து, முப்பத்தொன்று இப்போது எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார். இருபத்தொன்பது என்றதும் படிக்கட்டுக்கே திரும்பிப் போனார்.

ஆறரை மணிக்கு இரண்டாவது பை முடிந்தது. நாடி தொண்ணூற்றாறுக்கு இறங்கியது. உதட்டில் லேசாக நிறம் வந்தது. பி.சி.வி. முப்பத்து நாலு. ரத்தப்போக்கு ஏறக்குறைய நின்றிருந்தது.

வஞ்சுளவல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பயம் விலகிய இடத்தில் கோபம்தான் வந்தது. எத்தனை நாளாக என்று கேட்டாள். முந்தாநாளில் இருந்து என்றாள் மாரீஸ்வரி. இன்று காலைக்கு மேல்தான் கட்டுக்கடங்காமல் போனதாம். வீட்டிலிருந்து கொண்டுவந்த நாப்கின் மூன்றுதான், அது தீர்ந்ததும் சேலை.

"நான்தான் காலையில கேட்டேன்ல? ஏம்மா இல்லன்னு தலையாட்டின?"

மாரீஸ்வரி திரையைப் பார்த்தாள். அது மூடியிருக்கிறது என்று உறுதியான பிறகு சொன்னாள்.

"நீங்க கேக்கையில மாமாவும் கொழுந்தனும் எம் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நின்னாவ டாக்டரம்மா; அவிய முன்னால வேற என்னத்தச் சொல்ல?"