மேல் வளையத்தின் எடை

புதன்கிழமை காலை கோஸ் அண்ணனும் அவர் மனைவியும் மண் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது நான் தராசோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். மின்விசிறிக் காற்றில் தராசின் எண் நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். வந்தவர்களின் முகத்தைப் பார்த்ததும் என் கோபம் பாதியாக இறங்கிவிட்டது.

நீர்த்தேக்கத்தை ஒட்டிய அரசு நிலத்தில் பத்தொன்பது வருடமாக முட்டைக்கோஸ் போடுகிறவர் அவர். அதனால் எங்களுக்கு கோஸ் அண்ணன், அவர் மனைவி அண்ணி. அந்த நிலத்துக்கு ஒரு விதி உண்டு. அறுவடை முடிந்த பிறகு, பாத்திகளின் மேல் முப்பது சென்டிமீட்டர் மண்ணில் மிஞ்சியிருக்கும் நைட்ரேட் தழைச்சத்து ஹெக்டேருக்கு எண்பது கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மழையில் கரைந்து குடிநீரில் கலக்கும் என்று குத்தகையைப் புதுப்பிக்க மாட்டார்கள். அண்ணனுக்கு நான் போட்ட அறிக்கையில் 99 என்று இருந்தது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் குத்தகைக் குழு கூடுகிறது.

"போன வருஷத்தவிட உரத்த நல்லா குறைச்சிட்டோம்மா. அப்புறம் எப்படி இவ்வளவு வரும்?" என்றார் அண்ணி.

"தராசுக்கு உங்கமேல என்ன கோபம் அண்ணி? வந்தத எழுதியிருக்கேன்" என்றேன். சொன்ன பிறகுதான் குரல் தடித்துவிட்டது என்று தோன்றியது.

அண்ணன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். "கோபப்படாதம்மா. அந்த தொண்ணூத்தொம்பது எங்கேர்ந்து வந்துச்சுன்னு மட்டும் சொல்லு. தெரிஞ்சிட்டுப் போயிடறோம்."

கேட்டது நியாயம்தான். குறிப்பேட்டை எடுத்து விரித்தேன்.

"ஒரு கிலோ மண்ணுல எவ்வளவு சத்துன்னுதான் எங்களுக்கு இங்க தெரியும். உங்களுக்கு இருபத்திரண்டு மில்லிகிராம். ஆனா உங்க நிலத்துல எத்தன கிலோ மண்ணு இருக்குன்னு தெரியணும்ல? ஒரு ஹெக்டேருல முப்பது சென்டிமீட்டர் ஆழத்துக்கு மூவாயிரம் கன மீட்டர் மண்ணு. அது எத்தன டன்னுங்கிறது, மண்ணு பொலபொலன்னு இருக்கா, இறுகிப் போயிருக்காங்கிறதப் பொறுத்தது."

மேசையிலிருந்த எஃகு வளையத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அஞ்சு சென்டிமீட்டர் விட்டம், அஞ்சு சென்டிமீட்டர் உயரம்.

"இதுக்குள்ள தொண்ணூத்தெட்டு கன சென்டிமீட்டர் மண்ணு பிடிக்கும். நிலத்துல கலையாம அப்படியே வெட்டி எடுத்து, நூத்தஞ்சு டிகிரியில ஒரு நாள் காயவெச்சு எடை போடுவோம். அந்த எடைய தொண்ணூத்தெட்டால வகுத்தா வர்றதுதான் பரும அடர்த்தி. உங்களுக்கு ஒண்ணரை. அப்போ மூவாயிரம் கன மீட்டருக்கு நாலாயிரத்து ஐந்நூறு டன். டன்னுக்கு இருபத்திரண்டு கிராம்னு பெருக்கினா தொண்ணூத்தொம்பது கிலோ."

"வளையத்த ஒரே ஆழத்துலயா எடுத்தீங்க?" என்று அண்ணன் கேட்டார்.

"மூணு குழி, ஒவ்வொண்ணுலயும் மூணு ஆழம். சராசரி பாருங்க. மேல நூத்தம்பத்திரண்டு கிராம், நடுவுல நூத்து நாப்பத்தேழு, அடியில நூத்து..."

நாற்பத்திரண்டு என்பது என் வாயிலிருந்து வரவில்லை. கொத்தி உழுத பாத்தியில் மேல்மண்தான் லேசாக இருக்க வேண்டும். கீழே போகப்போகத்தான் எடை கூடும். இங்கே தலைகீழாக மேல் வளையம்தான் ஆகக் கனமாக இருந்தது. இருபது வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன், எழுதும்போது இது கண்ணில் படவில்லை. மேலே இருந்து எதுவோ அழுத்தியிருந்தால்தான் மண் இப்படி இருக்கும். கால்கள் அழுத்தியிருந்தால்.



மண் எடுத்த அன்றைக்குத் தூறல். அறுவடை முடிந்த கையோடு உரம் எதுவும் போடாமல் அடுத்த நாற்றை நட்டிருந்தார்கள். சத்து பார்க்கும் மண்ணை, பாத்திகளுக்கு நடுவிலுள்ள பாதையில் நின்றபடியே கையை நீட்டி மெல்லிய துளைக்கருவியால் பாத்தியிலிருந்து எடுத்துவிட்டேன். வளையத்துக்குக் குழி தோண்ட வேண்டும். "நாத்த மிதிச்சிடாதம்மா" என்று அண்ணி கெஞ்சினார். எனக்கும் பாவமாக இருந்தது. எல்லாம் ஒரே மண்தானே என்று நடைபாதையிலேயே தோண்டிவிட்டேன். சத்தைப் பாத்தியில் எடுத்து, எடையைப் பாதையில் எடுத்து, இரண்டையும் பெருக்கி ஒரு குடும்பத்தின் தலையில் கல்லைப் போட்டிருக்கிறேன்.

"அண்ணே, தப்பு என்னோடது" என்றேன். அந்த வார்த்தைகளைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

ஆய்வகத் தலைவி மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"திருத்தின அறிக்கையில காரணம் எழுதணும். உன் பேரோட."

"எழுதறேன் மேடம்."

"புது எண்ணும் எண்பதத் தாண்டினா?"

"அதையும் எழுதறேன்."

நண்பகலில் நிலத்தில் இருந்தோம். பாத்திக்குள் கால் வைக்க எனக்கே தயக்கமாக இருந்தது. அண்ணிதான் முன்னால் போய், குழி விழும் மூன்று இடங்களிலும் நாற்றுகளை ஒவ்வொன்றாக வேரோடு பெயர்த்து ஈரச் சாக்கில் அடுக்கினார். ஒன்பது நாற்றுகள்.

"இப்போ மிதிம்மா" என்றார்.

வளையத்தின் மேல் மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டி இறக்கினேன். முதல் வளையத்தில், உள்ளே இருந்த மண் வெளிமட்டத்தைவிடக் கீழே அமுங்கியிருந்தது. அதை எடை போட்டால் இறுகாத மண்ணை நானே இறுக்கிவிட்டு எடை போட்டதாகும். கொட்டிவிட்டு அதே குழியில் சற்றுத் தள்ளி எடுத்தேன். சுற்றிலும் தோண்டி வளையத்தை வெளியே எடுத்து, இரண்டு முகங்களையும் கத்தியால் விளிம்போடு சமமாகச் சீவினேன். அண்ணன் பக்கத்தில் மூச்சுக்கூட விடாமல் குந்தியிருந்தார்.

"அண்ணே, மூச்சு விடலாம். தராசு இங்க இல்ல" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

வியாழக்கிழமை மதியம் மண் காய்ந்துகொண்டிருந்த உலர்த்தும் அடுப்பைத் திறந்தேன். ஆறவைத்து எடை போட்டு, திரும்ப இரண்டு மணி நேரம் காயவைத்து மறுபடி போட்டேன். எண் அசையவில்லை. மண் இருந்த டப்பாவின் எடையைக் கழித்தேன். இந்த முறை மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் தராசின் முன் உட்கார்ந்திருந்தேன். வேர்வை புருவத்தில் இறங்கியது.

மேலே 98. நடுவில் 108. அடியில் 118.

கீழே போகப்போகப் படிக்கட்டு போல ஒழுங்காக எடை கூடியிருந்தது. சராசரி 108, அடர்த்தி 1.1. மூவாயிரத்து முந்நூறு டன். கால்குலேட்டரில் மூன்று முறை தட்டினேன். 72.6.

கதவுக்கு வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். "எழுபத்திமூணு" என்றேன். அண்ணன் தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்குச் சந்தோஷமாகவும் வெட்கமாகவும் இருந்தது.

பிறகு தொப்பியை இறக்கிவிட்டு எழுந்து, "எண்பதுக்கு ஏழுதானே கம்மி?" என்றார்.

"ஆமாண்ணே. அதனால ஆடாதீங்க. உங்க மண்ணுலயே எழுபத்திமூணு கிலோ கெடக்கு. அடுத்த உரத்துல அதக் கணக்குல வெச்சுக் கழிச்சுக்கோங்க. அடுத்த வருஷம் இன்னும் இறங்கும்."

அண்ணி மட்டும் எழுந்திருக்கவில்லை. "நான்தானேம்மா அன்னிக்கு பாத்தியில கால் வைக்காதேன்னேன். ஒம்போது நாத்தப் பாத்து நிலத்தையே விட்டிருப்பேன்."

"நீங்க சொன்னீங்க அண்ணி. அதக் கேட்டு நடந்தது நான்."

உள்ளே போய்த் திருத்திய அறிக்கையை எழுதினேன். காரணம் என்ற இடத்தில், வளையங்கள் நடைபாதையில் எடுக்கப்பட்டன, தவறு என்னுடையது என்று எழுதி முழுப்பெயரையும் போட்டேன். மேடம் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். பிறகு குறிப்பேட்டில் ஆழத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு இழுத்து, 'எங்கே நின்று தோண்டினோம்' என்று தலைப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு அண்ணனிடமிருந்து தொலைபேசி வந்தது. குத்தகையைப் புதுப்பித்துவிட்டார்கள். பின்னால் அண்ணியின் குரல் கேட்டது: "அந்த ஒம்போதையும் அதே இடத்துல நட்டுட்டேன்னு சொல்லுங்க. ஒண்ணுகூட வாடல."