112-க்கு முதல் எண்

காலை ஏழு மணி ஷிப்டுக்கு முன்பே லாட்ஜின் சூப்பர்வைசர் பியாட்ரிஸ் அக்கா, சுத்தம் செய்ய வேண்டிய அறைப் பட்டியலில் சிவப்புப் பேனாவால் வரிசை எண் போட்டு வைத்திருந்தாள். 112-க்கு ஒன்று. அதில் மூன்று நாள் தங்கியிருந்த சாம்ராஜ் சார் விடியற்காலையிலேயே சாவியைக் கொடுத்துவிட்டு ரயிலுக்குப் போய்விட்டார். ஒன்பது மணிக்கு அதே அறைக்கு ஒரு குடும்பம் வருகிறது, ஊரிகம் சர்ச்சில் ஒரு ஞானஸ்நானத்துக்கு. 118-ம் காலிதான், ஆனால் அங்கே வருகிறவர்கள் மதியம் இரண்டுக்கு. அதனால் அதற்கு நான்கு. யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் அறை முதலில். இதற்கொன்றும் பெரிய படிப்பு வேண்டாம்.

ஆனால் ஜெனிட்டாவின் தள்ளுவண்டி 118 வாசலில் நின்றிருந்தது. கிட்டே இருப்பதை முடித்துவிட்டுப் போனால் என்ன என்று நினைத்தாள். வேலைக்குச் சேர்ந்து இருபதே நாள், அதற்குள் சொந்தப் புத்தி. 118-ல் மெத்தை விரிப்பெல்லாம் பிரியாணி எண்ணெய். கட்டிலை நகர்த்தி, மூலை முடுக்கெல்லாம் பெருக்கி, கண்ணாடி போல் ஆக்கினாள். பக்கத்து 116-ல் தங்கியிருந்தவர்கள் வெளியே போயிருந்தார்கள், அதையும் கையோடு முடித்தாள்.

எட்டரைக்கு வரவேற்பிலிருந்து ராகேஷ் போன் செய்தான். "112 பார்ட்டி சீக்கிரமே வந்துட்டாங்க. குழந்தை அழுவுது. ரெடியா?"

ஜெனிட்டா வண்டியை 112-க்குத் தள்ளிக்கொண்டு ஓடினாள். அரை மணி நேர வேலையைப் பதினைந்தே நிமிடத்தில் செய்தாள். விரிப்பை உருவி, புதியதைப் போட்டு, குளியலறையைக் கழுவி, குப்பையை வண்டிப் பையில் கொட்டினாள். அக்கா சரிபார்க்க வந்தபோது மேல்மாடியிலும் யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்றே ஒரு பார்வை பார்த்தாள்.

"கட்டிலுக்கு அடியில பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

பார்க்கவில்லை. நாக்கு முந்திக்கொண்டது.

அறை ரெடி என்று போய்விட்டது. ஜெனிட்டா 105-க்கு வண்டியைத் தள்ளினாள். செருப்பில் ஏதோ கல் சிக்கிக்கொண்டு தரையில் டிக் டிக்கென்றது. குனிய நேரம் ஏது?

ஒன்பதரைக்குக் குப்பையைப் பிரிக்கும்போதுதான் அந்த மூடியைப் பார்த்தாள். சாம்ராஜ் சார் சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர். போட்ட ஊசியை ஒவ்வொரு முறையும் மூடியில் செருகித்தான் குப்பைத் தொட்டியில் போடுவார். இன்று மூடி மட்டும் இருந்தது. உள்ளே ஊசி இல்லை. பையைக் கவிழ்த்துக் கிண்டினாள். அழுக்கு விரிப்புகளை ஒவ்வொன்றாக உதறினாள். எங்கும் இல்லை.

கீழே வரவேற்பில் அந்தக் குழந்தையைப் பார்த்திருந்தாள். எட்டு மாதம் இருக்கும். தவழ்கிற வயது, கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகும். வாயை மூடிக்கொண்டால் வேலை தப்பும் என்று ஒரு மனம் சொன்னது. அந்த மனத்தின் மேல் அவளுக்கே பயம் வந்தது. அக்காவைத் தேடிப் படிகளில் ஓடினாள்.

"அக்கா, நான் பொய் சொல்லிட்டேன். கட்டிலுக்கு அடியில பாக்கல. ஊசி ஒண்ணு காணோம்."

பியாட்ரிஸின் முகம் வெளுத்தது. "இன்னாடி சொல்றே? நட, நட!"

112-ல் குழந்தையின் தாய் ரஷ்மி கதவைத் திறந்தாள். அக்கா விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன் தரையில் தவழ்ந்துகொண்டிருந்த குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். ஜெனிட்டா செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய் மண்டியிட்டாள். டார்ச் அடித்துக் கட்டிலடி, மேசையடி, திரைச்சீலை மடிப்பு, குளியலறை மிதியடி என்று ஒன்று விடாமல் தேடினாள். தரையை ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தாள். தூசிதான் வந்தது.

"இங்க இல்லம்மா," என்றாள் அக்கா. "தொட்டியில போடாம அவரே எடுத்துகினு போயிருப்பாரு."

ஜெனிட்டாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரஷ்மியும் மூச்சு விட்டு, திமிறிக்கொண்டிருந்த குழந்தையைத் துடைத்த தரையில் இறக்கினாள். அது நேராக வாசலுக்குத் தவழ்ந்தது. செருப்பைக் கண்ட குழந்தை சும்மா இருக்குமா? ஒன்றைப் பிடித்துப் புரட்டியது.

டிக்.

அந்தச் சத்தம் ஜெனிட்டாவுக்குத் தெரியும். காலையிலிருந்து கூடவே வந்த சத்தம். பாய்ந்து விழுந்து செருப்பைப் பிடுங்கினாள். அடிப்பள்ளத்தில் ஊசி சிக்கியிருந்தது, முனை வளைந்து வெளியே நீட்டிக்கொண்டு. அந்தப் பிஞ்சு விரலுக்கும் அதற்கும் ஒரு அரிசி இடைவெளி. அறையில் இல்லாத ஊசியை அவளே தேடிக்கொண்டு வந்து வாசலில் வைத்திருக்கிறாள்.

பிடுங்கிய வேகத்தில் குழந்தை வீறிட்டது. ரஷ்மி அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பிறகு ஜெனிட்டாவைப் பார்த்து ஓரடி பின்னால் போனாள். திட்டியிருந்தால்கூட ஜெனிட்டா தாங்கியிருப்பாள்.

"எங்களுக்கு இந்த ரூம் வேணாம்," என்றாள் ரஷ்மி.

காலியாக, தயாராக இருந்த அறை 118 ஒன்றுதான். அக்கா அதைத் திறந்தாள். குழந்தையோடு ரஷ்மி வாசலிலேயே நின்றாள். அக்கா ஜெனிட்டாவிடம் திரும்பினாள்.

"கட்டிலுக்கு அடியில பாத்தியா?"

"பாத்தேன்க்கா. சத்தியமா." இந்த முறை அது உண்மை.

பியாட்ரிஸ் அக்கா ஜெனிட்டாவின் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டு, தானே மண்டியிட்டாள்.