இரண்டு மூட்டை அதிகம்

விதையும் உரமும் விற்கும் அந்தக் கடையில் கணக்கு எழுதுவது கடைக்காரரின் தங்கை. விதைப்பு நேரத்தில் சரக்கைக் கடனுக்குக் கொடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் பில் போட்டு, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அறுவடை முடிந்து முப்பது நாளுக்குள் பணம் வந்துவிட வேண்டும். அந்தப் பருவத்தில் கடன் வாங்கியவர்கள் அறுபத்து நான்கு பேர். ஐம்பத்தொரு பேர் முழுதாகக் கட்டிவிட்டார்கள். எட்டுப் பேர் பாதி கட்டியிருந்தார்கள். ஐந்து பேர் பெயருக்கு நேரே கட்டம் காலியாகக் கிடந்தது. அந்த ஐவரில் ஒருவர் ஒட்டகம்.

ஒரே பெயரில் மூன்று பேர் வாடிக்கை. குழப்பம் வேண்டாமென்று, ஆறடி தாண்டிய அவரை ஊர் கூப்பிடுவதுபோலவே பேரேட்டிலும் 'ஒட்டகம்' என்று எழுதிவிட்டாள் தங்கை. அவருக்கும் அது தெரியும். "ஒட்டகத்துக்கு எவ்வளவு ஆச்சு தங்கச்சி?" என்று அவரே கேட்பார். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தவணைகூடத் தவறியதில்லை.

அடுத்த விதைப்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவர் கடைக்கு வந்தார். உள்ளே ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். மக்காச்சோள விதை ஆறு பை கேட்டார்.

கடைக்காரர் நிமிரவில்லை. "பழைய பாக்கி நிக்குதே அண்ணே. நாப்பத்தெட்டாயிரத்து முந்நூத்தம்பது."

"அனுப்பியாச்சே தம்பி. போன்ல சொன்னேனே."

"சொன்னீங்க. நானும் பேங்க் கணக்கைத் தலைகீழாப் பாத்துட்டேன். அந்தத் தொகை வரவேயில்ல. எந்தக் கணக்கிலேருந்து அனுப்பினீங்க?"

ஒட்டகம் வாயைத் திறந்தார். ஓரமாக நின்றிருந்த ஒரு ஆளைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"என் வார்த்தை போதாதா?"

"வார்த்தையைக் கொண்டுபோய் மொத்த வியாபாரிகிட்ட கட்ட முடியுமா? போன பருவத்து பாக்கியை அடைச்சாத்தான் அவன் எனக்குப் புது லோடு அனுப்புவான்."

யாரோ லேசாகச் சிரித்தார்கள். ஒட்டகம் நிலைவாசலுக்குத் தலையைக் குனிந்து வெளியே போனார். போகும்போது யாரையும் பார்க்கவில்லை. அன்று மாலையே தெருக்கோடி உரக்கடைக்காரர் போனில் விசாரித்தபோது, "பாக்கி வச்சிருக்காரு, யோசிச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டார் கடைக்காரர். கடைகளுக்குள் அப்படிச் சொல்லிக்கொள்வது வழக்கம்தான்.

"பன்னெண்டு வருஷ ஆளை இப்படிப் பேசிட்டியேண்ணா," என்றாள் தங்கை.

"அஞ்சு பேருக்கும் இப்படித் தயவு பாத்துக்கிட்டே இருந்தா நாம கடையைச் சாத்திட்டுப் போகவேண்டியதுதான்." சொல்லிவிட்டு அவரே இரண்டு தடவை காலி டீ டம்ளரை எடுத்துக் குடிக்கப் பார்த்தார்.

நான்கு நாள் கழித்து, புது லோடு வருமுன் கிடங்கில் இருப்பு எடுத்தார்கள். லோடுமேன் எண்ணிச் சொல்ல, தங்கை பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக வந்தது, டிஏபி உரம் மட்டும் உதைத்தது. பதிவில் பதினேழு மூட்டை. கிடங்கில் பத்தொன்பது.

குறைந்தால் திருட்டு, எலி, எண்ணத் தெரியாதவன் என்று ஆயிரம் காரணம் இருக்கும். கூடினால்? மூட்டை குட்டி போடாது. மறுபடி எண்ணச் சொன்னாள். மறுபடியும் பத்தொன்பது.

"கடைசி ரெண்டு மூட்டை எங்கேருந்து வந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க."

லோடுமேன் தலையைச் சொறிந்தார். "ஒட்டகம் ரெண்டு மூட்டை திருப்பிக் கொண்டாந்தாரும்மா. பிரிக்கவே இல்ல. இந்தத் தடவ மிஞ்சிப்போச்சுன்னாரு. நீங்க அன்னிக்கு லீவு. மொதலாளி போன்ல இருந்தாரு, உள்ள போடுன்னு கையைக் காட்டினாரு. போட்டுட்டேன்."

"சீட்டு எழுதலையா?"

"எனக்கு எழுதத் தெரிஞ்சா நான் ஏம்மா மூட்டை தூக்குறேன்?"

தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. மேசைக்கு ஓடினாள். மூட்டை ஆயிரத்து முந்நூற்றைம்பது. இரண்டுக்கு இரண்டாயிரத்து எழுநூறு. பாக்கியில் அதைக் கழித்தால் நாற்பத்தைந்தாயிரத்து அறுநூற்றைம்பது. பேரேட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். யாருடையது என்று தெரியாத வரவுகளை அங்கேதான் எழுதி வைப்பாள். இரண்டு வரவு இருந்தன. இரண்டாவது, ஐந்து வாரத்துக்கு முன், முன்பின் தெரியாத ஒரு பெயரிலிருந்து வந்தது. நாற்பத்தைந்தாயிரத்து அறுநூற்றைம்பது.

அண்ணனைக் கூப்பிட்டு விரலை வைத்துக் காட்டினாள். அவர் பேங்க் கணக்கை எடுத்து அந்த எண்ணைச் சரிபார்த்தார்.

"நான் முழுத் தொகையைத் தேடினேன்," என்றார் கடைசியில்.

"அவரு கணக்கா கழிச்சுத்தான் அனுப்பியிருக்காரு. நாமதான் வரவு வைக்கல."

தொகை ஒத்தால் மட்டும் போதாது என்று, அந்தப் பெயருக்குரியவரை விசாரித்துப் பார்த்தாள். ஒட்டகத்தின் மருமகன். பட்டறையில் வேலை பார்ப்பவர். "மாமாதான் அனுப்பச் சொன்னாரு. ஏன், வரலையா?" என்று பதறினார்.

கடைக்காரர் உடனே வண்டியை எடுத்தார். தங்கையும் பின்னால் ஏறிக்கொண்டாள். ஒட்டகம் நிலத்தில் மண்வெட்டியால் மண்ணை அணைத்துப் பார் பிடித்துக்கொண்டிருந்தார். நிலத்தில் பாதிதான் உழுதிருந்தது.

"மீதி?" என்றார் கடைக்காரர்.

"கைக்காசுக்கு மூணு பைதான் கெடச்சுச்சு. கோடிக் கடையிலயும் கடன் இல்லைன்னுட்டாங்க."

கடைக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. மூட்டை, தொகை, மருமகன் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். "தப்பு என்னோடதுண்ணே. மன்னிச்சுக்கங்க."

ஒட்டகம் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார்.

"அறுவடையை வாங்கின மில்லுக்காரன் பணத்தை என் கணக்குல போட்டிருந்தா, பேங்க் பழைய கடனுக்கு மொத்தமா பிடிச்சிருக்கும். அதுக்கு மாசாமாசம் கட்டுறேன்னு எழுதிக் குடுத்திருக்கேன், கட்டிக்கிட்டும் இருக்கேன். உங்களுக்கு மொதல்ல குடுக்கணும்னுதான் மருமவன் கணக்குக்கு வாங்கினேன். அன்னிக்கு அந்த பேங்க் ஆளு பக்கத்துலயே நிக்குறான். நான் எப்படி வாயைத் திறக்க?"

"என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமே."

"கேட்ட தினுசு அப்படி." கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "இங்க யாருமில்லாத காட்டுல மன்னிப்புக் கேட்டு என்ன தம்பி? எட்டுப் பேர் முன்னால சொன்னீங்க. அங்கயே சொல்லுங்க. அப்புறம் விதை வாங்கிக்கிறேன்."

கடைக்காரருக்குக் கோபம் வரும் என்று தங்கை பயந்தாள். அவர் தலையாட்டினார். "நாளைக்குக் காலைல வாங்க. சந்தை நாள். கூட்டம் இருக்கும்."

ஒட்டகம் வந்தார். கடை நிறைய ஆட்கள். கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து முன்னால் வந்து நின்றார்.

"அன்னிக்கு இவரு பாக்கி வச்சிருக்காருன்னு சொன்னேன். இவரு கட்டி அஞ்சு வாரமாச்சு. மூட்டை திரும்பி வந்ததை எழுதாம விட்டது நான். வந்த பணத்தைக் கண்டுபிடிக்காததும் எங்க கடைதான்." எல்லோரும் கேட்கும்படியே கோடிக் கடைக்கும் போன் போட்டு, அதையே மறுபடி சொன்னார்.

ஒரு கிழவர் தன் சட்டைப்பையைத் துழாவினார். "என் கணக்கையும் ஒருதரம் பாரும்மா. நானும் ஒரு மூட்டை திருப்பிக் குடுத்தேன்." எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் தங்கை பேரேட்டை எடுத்துப் பார்த்தாள். அவருடையது சரியாக இருந்தது.

இரண்டு மூட்டைக்கு வரவுச்சீட்டு, பணத்துக்கு ரசீது, இரண்டையும் எழுதி ஒட்டகத்திடம் கொடுத்தாள். காலியாக இருந்த கட்டத்தில் 'தீர்ந்தது' என்று எழுதினாள். இனிமேல் திரும்பும் மூட்டைக்கு லோடுமேன் ஒரு சிவப்பு அட்டையைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைக்க வேண்டும். சீட்டை அவள் எழுதுவாள். அதை அன்றைக்கே முடிவு செய்தார்கள்.

"எத்தனை பைண்ணே?" என்றார் கடைக்காரர்.

"மூணு. மிச்ச நிலத்துக்கு." ஒட்டகம் புதுக் கடன் பில்லை வாங்கி வரி வரியாகப் படித்தார். கையெழுத்துப் போடுமுன் பேனாவை நிறுத்தினார். "தங்கச்சி, என் பேருக்குக் கீழ மருமவன் பேரையும் எழுதிக்க. இனிமே அவன்கிட்டேருந்துதான் பணம் வரும்."

அவள் எழுதினாள். பைகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் கிளம்பினார். விதைப்புக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது, மீதி நிலத்தை உழ அது போதும்.