ஒரிஜினல் மதிப்பெண் பட்டியல்

பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் ஒரிஜினலை அந்தப் பயிற்சி மையத்தில் நீட்டியபோது அவளுக்குப் பயமே இல்லை. "சும்மா சரிபார்க்கத்தாம்மா" என்று சொல்லி ஆலோசகர் வாங்கினார். சரிபார்த்தவர் அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

அம்மா தையல் வேலை செய்பவள். கண் அழுத்த நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன பார்வை திரும்பாதாம், இருப்பதை மருந்து விட்டுக் காப்பாற்றலாம். பட்டப்படிப்பு என்றால் மூன்று வருடம். பாலிடெக்னிக் டிப்ளமோ என்றால், பன்னிரண்டாவது முடித்தவர்களை நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ப்பதால், இரண்டு வருடம். இங்கே கம்ப்யூட்டர் நெட்வொர்க் சான்றிதழுக்கு ஆறே மாதம். ஆறு மாதத்தில் சம்பளம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

வெளியே நாற்காலியில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தாள். இங்கேயே படித்தவளாம், வேலை கேட்டு நடையாய் நடக்கிறாளாம்.

"சர்டிபிகேட் வாங்கிட்டீங்களாக்கா?"

"இவங்க குடுக்கிறது படிச்சதுக்கான காகிதம்தான். கம்பெனி மதிக்கிற சர்டிபிகேட்டுக்குத் தனிப் பரீட்சை, தனி ஃபீஸ். அதையும் கஷ்டப்பட்டுப் பாஸ் பண்ணேன். போற இடத்துலல்லாம் டிகிரி இல்லன்னா டிப்ளமோ இருக்கான்னுதான் முதல்ல கேக்கறாங்க. நான் வெறும் ப்ளஸ் டூ. ஒண்ணு ரெண்டு பேருக்கு வேலை கிடைச்சுது, இல்லேங்கல."

அவளுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது, இன்று மாலைக்குள் ஒரிஜினலைக் காட்டாவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும். திரும்ப உள்ளே போனாள்.

"சார், ஒரிஜினல் வேணும்."

"ஒரிஜினல் குடுத்தாலே சேர்ந்த மாதிரிதாம்மா, பாதியில போகக்கூடாது. மேனேஜர் நாளைக்குத்தான் வருவார்."

வாயில் வந்ததைச் சொன்னாள்: "மொத்த ஃபீஸையும் ஒரே தடவையில கட்டிடறோம் சார். லோனுக்கு பேங்க்ல ஒரிஜினல் பாக்கணுமாம்."

மேனேஜர் வராமலேயே இழுப்பறை திறந்தது. காசு என்றதும் மனிதர் பல்லை இளித்ததைப் பார்க்க வேண்டுமே! அவள் படியிறங்கியவள் பஸ் ஏறும்வரை திரும்பிப் பார்க்கவில்லை, யாரோ பின்னாலேயே வருவது போலிருந்தது.

பாலிடெக்னிக்கில் ஜன்னலை மூடப்போன எழுத்தர் முறைத்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

வீட்டில் அம்மா தையல் மெஷினில் முகத்தைப் புதைத்த மாதிரி குனிந்திருந்தாள். பொய் சொன்னதுவரை எல்லாவற்றையும் மகள் கொட்டினாள். அம்மா திட்டவில்லை.

"அப்போ ஆறு மாசம் இல்ல?"

"ரெண்டு வருஷம்மா. அப்புறம் வேலைல இருந்துகிட்டே டிகிரிகூடப் படிக்கலாம்."

அம்மா மெஷினை நிறுத்தினாள். வலக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, இடக்கண்ணால் மட்டும் மகளின் முகத்தைத் தேடினாள். நேராகப் பார்க்காமல் காதோரம் எங்கோ பார்த்தாள்.

"ரெண்டு வருஷம் தாங்கும்டி" என்றாள். "நீ சேரு."