நேரில் கொண்டு வாருங்கள்

ஆம்பூரில் பழைய பிராண்ட் கைப்பைகளை வாங்கி விற்கும் வஹீதாவுக்கு எரிச்சல்தான் வந்தது. போட்டோ அனுப்பி ஒரிஜினலா என்று கேட்ட சலோமியிடம், "அப்படித்தான் தெரியுதும்மா" என்று நேற்று சொல்லி வைத்தாள். இன்று அந்தம்மா கடை முத்திரையோடு சர்டிபிகேட் கேட்கிறார். இருந்தும் பொறுமையாகவே எழுதினாள்:

"தப்பா நினைக்காதீங்கம்மா. போட்டோல தோலைத் தொட்டுப் பாக்க முடியாது, மோந்து பாக்க முடியாது. உள்தையல் தெரியாது. வெளிச்சத்துல கலரே மாறிடும். நான் சொன்னது என் அபிப்பிராயம், சர்டிபிகேட் இல்ல. பையை நேர்ல கொண்டாங்க, பாத்துட்டு எழுதித் தர்றேன்."

சலோமி பதில் எழுதினார்:

"கொண்டார முடியாது மேடம். ஷூ கம்பெனில இருந்த என் பொண்ணு நிஷா மொத போனஸ்ல வாங்கினது. கூட வேலை செய்றவங்க டூப்ளிகேட்னு சிரிச்சாங்க. அப்புறம் அவ அத தோள்ல மாட்டவே இல்ல. போன மாசம் காய்ச்சல்ல போய்ட்டா. பையைப் பெட்டிக்குள்ள அவ பக்கத்துலயே வெச்சி அடக்கம் பண்ணிட்டோம். நீங்க எழுதித் தந்தா கல்லறைல படிச்சிக் காட்டலாம்னு இருந்தேன்."

வஹீதா போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெளித்தையல் நேராகத்தான் இருந்தது. அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை.