யுவர்ஸ் சின்சியர்லிக்குக் கீழே

"அக்கா, இந்த லெட்டரைக் கொஞ்சம் பாத்துக் குடுங்க. நாளைக்குக் கடைசி நாளுங்க." சண்முகப்பிரியா லேப்டாப்பைச் சமையல் மேடை மேலேயே கொண்டுவந்து வைத்தாள்.

வெங்கடலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். அந்த அவிநாசி வீட்டுக்கு அவள் மூத்த மருமகள், சண்முகப்பிரியா இளையவள். கல்யாணத்துக்கு முன்னால் வெங்கடலட்சுமி ஒரு நூல் ஏற்றுமதி ஆபீசில் ஆங்கிலக் கடிதங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவள். தாலி ஏறியதும் மாமியார் சென்னியம்மாள், "நம்மூட்டுப் பொண்டுக வேலைக்குப் போறதில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அதே வாய்தான் இப்போது சின்ன மருமகளிடம், "படிச்ச படிப்பை ஏன் வீணாக்கோணும், போயிட்டு வா அம்மணி" என்கிறது. கேட்ட நாளிலிருந்து வெங்கடலட்சுமிக்கு வயிறு எரிகிறது. எரியாமல் என்ன செய்யும்?

கடிதம் செந்தூரம் எக்ஸ்போர்ட்ஸ் என்ற துணிக் கம்பெனிக்கு, ஏற்றுமதி ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலை கேட்டு. ஆனால் இரண்டாம் பத்தியில், 'அருவி பம்ப்ஸ் நிறுவனத்தின் தரமான பம்புகள் என்னைக் கவர்ந்தன' என்றிருந்தது. போன மாதம் வேறு இடத்துக்கு அனுப்பியதில் தலையை மட்டும் மாற்றி, உடம்பை அப்படியே விட்டிருக்கிறாள்.

இதைச் சொல்லாமல் விட்டால் என்ன? துணி விற்கிறவனிடம் பம்பைப் புகழ்ந்தால் கடிதம் நேராகக் குப்பைக்குத்தான் போகும். நினைப்பே வெல்லமாக இனித்தது. ஆனால் தப்பைப் பார்த்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. பம்பு வரியை அழித்தாள், கம்பெனி பெயரைத் திருத்தினாள். 'கடின உழைப்பாளி, சுயஊக்கம் கொண்டவள், குழுவோடு இணைந்து செயல்படுபவள்' என்று ஊரே எழுதுகிற வரிகளையெல்லாம் வெட்டி எறிந்தாள்.

"இதையெல்லாம் ஆரு நம்புவா? நீ நெசமா என்ன செஞ்சே, அதைச் சொல்லு கண்ணு."

"காலேஜ் புராஜெக்டுக்கு ஒரு கம்பெனியோட இன்வாய்ஸ் பூராம் பாத்து, எடை தப்பாப் போட்டிருந்ததைக் கண்டுபிடிச்சனுங்க்கா."

அதை எழுதினாள். வேலை விளம்பரத்தில் மனோஜ்குமார் என்று பெயரே போட்டிருக்க, கடிதம் 'ரெஸ்பெக்டட் மேடம்' என்று தொடங்கியது. அதை 'டியர் மிஸ்டர் மனோஜ்குமார்' ஆக்கினாள். பெயர் சொல்லி அழைத்துவிட்டு 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று முடிக்கக் கூடாது என்று, அதை 'யுவர்ஸ் சின்சியர்லி' ஆக்கினாள். சண்முகப்பிரியா, "அக்கான்னா அக்காதான்" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு போனாள்.

என் புத்தியை வைத்து இவள் வேலைக்குப் போவாள், நான் இவளுக்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டுமா என்று வெங்கடலட்சுமிக்குத் தோன்றியது. அன்று மத்தியானம், வீடு தூங்கும் நேரத்தில், அதே கடிதத்துக்கு ஒரு நகல் எடுத்தாள். மேலே தன் செல் நம்பர். நடுவில் இன்வாய்ஸ் கதை போய், தன் நூல் ஆபீஸ் அனுபவம் வந்தது. கம்பெனி பெயர் சரி. மனோஜ்குமார் சரி. சின்சியர்லி தன் கையால் போட்டதுதானே என்று அதோடு நிறுத்தி, அனுப்பிவிட்டாள்.

அடுத்த வாரம் அவள் கிரைண்டரில் மாவு வழித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கையெல்லாம் மாவு. பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சண்முகப்பிரியாவே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"செந்தூரம் எக்ஸ்போர்ட்ஸ் மனோஜ்குமார் பேசறனுங்க. சண்முகப்பிரியாங்களா?"

சண்முகப்பிரியா போனைப் பார்த்தாள். அது அக்காவின் போன்தான்.

"உங்க பேர்ல ரெண்டு லெட்டர் வந்திருக்குதுங்க. ரெண்டுலயும் கீழ சண்முகப்பிரியா. பாதி வரி ஒண்ணாவே இருக்குது. அனுபவம் வேற வேற. எதுங்க நெசம்?"

வெங்கடலட்சுமி மாவுக் கையோடு நிமிர்ந்தாள். சின்சியர்லிக்குக் கீழே! ஊரார் தப்பையெல்லாம் பொறுக்கியவள் தன் பெயர் இருக்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை. 'ராங் நம்பர்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் தான் தப்பலாம், பக்கத்தில் நிற்கிறவளின் கடிதம் பொய்யாகிவிடும். ஒரு கணம் அதுவும் ஆசையாகத்தான் இருந்தது.

"ரெண்டும் நெசமுங்க. இந்த நம்பர் என்னுதுங்க, எம் பேரு வெங்கடலட்சுமி. அவ லெட்டரைத் திருத்திக் குடுத்துப்போட்டு, அதையே வெச்சு எனக்கும் எழுதுனேன். பேரை மாத்தாம உட்டுப்போட்டனுங்க."

"இங்க வேலையே பேரு சரியா இருக்குதான்னு பாக்கறதுதானுங்களே" என்றார் மனோஜ்குமார், வருத்தமாகவே. பிறகு வைத்துவிட்டார்.

சண்முகப்பிரியா கிரைண்டரை அணைத்தாள். திட்டப் போகிறாள் என்று வெங்கடலட்சுமி காத்திருந்தாள். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு கேட்டிருக்கலாம்.

"எங்கிட்ட ஒருக்காக் காட்டியிருந்தா, நான் பாத்துக் குடுத்திருப்பனில்லீங்க்கா?"

பார்த்துக் கொடுத்திருப்பாள்தான். அதுதான் வெங்கடலட்சுமிக்கு இன்னும் எரிந்தது.