இரண்டாம் தாள்

அன்று மாலை என் கணவர் கடைசியாகச் செய்த வேலை, மூன்று தாள்களை மடித்தது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆண்டு மலருக்கான பக்கங்களோடு எங்கள் பைண்டிங் கடைக்கு வந்திருந்தார். பதின்மூன்று இருந்தன. பன்னிரண்டுக்கு மேல் ஒன்று கூடினால் என்ன என்று கேட்டார்.

"ஒரு தாளை மடிச்சா நாலு பக்கம் சார். நடுவுல பின் அடிக்கிற புத்தகம் நாலு நாலாத்தான் ஏறும். பன்னெண்டாக்குங்க, இல்லாட்டி பதினாறு. கடைசி மூணைக் காலியா விட்டா என்னைத்தான் திட்டுவாங்க" என்றார் என் கணவர்.

செயலாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தலைவரின் வாழ்த்துரையை உருவிப் பையில் போட்டுக்கொண்டு போனார். என் கணவர் மூன்று வெற்றுத் தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து மடித்து, புரட்டிப் புரட்டிப் பென்சிலால் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டார். அதை டம்மி என்போம். பிரித்தால் எண்கள் தாறுமாறாகத் தெரியும்: பன்னிரண்டுக்குப் பக்கத்தில் ஒன்று, பத்துக்குப் பக்கத்தில் மூன்று.

"பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டையும் கூட்டு. பன்னெண்டு பக்கத்துக்குப் பதின்மூணு வரலைன்னா எங்கயோ தப்பு" என்றார். இருபது வருஷமாகச் சொல்வதுதான்.

"நேத்து வரைக்கும் பதினாலா வந்துச்சு?" என்றேன்.

சிரித்துக்கொண்டே டம்மியை ஸ்டேப்ளருக்கு அடியில் செருகிவிட்டு முகம் கழுவப் போனார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் எனக்கு அது உறைத்தது.

போய்ப் பார்த்தால் குழாயடியில் விழுந்து கிடந்தார். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருந்த அவருடைய அண்ணனுக்குப் போன் செய்தேன். வேலையாக இருப்பதாகவும், டாக்டர் பார்த்ததும் சொல்லும்படியும் சொன்னார். ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிஷம் ஆனது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணன் மறுநாள் காலை வந்தார்.

ஒரு மாதம் கழித்து இரங்கல் கூட்டம் வைத்தோம். நினைவு மலரை நானே தயாரித்தேன். அவர் மடித்த டம்மியே அளவு, பன்னிரண்டு பக்கம். அந்த இருபத்தைந்து நிமிஷத்தை எழுதினேன். ஒன்பது, பத்தாம் பக்கங்கள். எழுத எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. வேறு எங்கும் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

பக்கங்களெல்லாம் அமைத்து முடித்தபின் அண்ணன் தானும் எழுதுவதாகச் சொன்னார். இரண்டு பக்கம் கூட்டிக்கொள்ளச் சொன்னார். கூட்டினால் நான்காகத்தான் கூடும் மாமா என்றேன். "செத்தவனுக்குக்கூடவா உங்க கடைக் கணக்கு?" என்றார். மூன்று, நான்கில் இருந்த படங்களை எடுத்துவிட்டு அவருக்குக் கொடுத்தேன். கட்டுரையை அவர் நேராக அச்சகத்திலேயே கொடுத்துவிட்டார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் அச்சடித்த தாள்கள் வந்தன. மடிக்க உட்கார்ந்தபோதுதான் படித்தேன். 'என் தம்பியின் கடைசி மூச்சு என் கைகளில்தான் பிரிந்தது' என்று எழுதியிருந்தார். என்ன பேசினான், எப்படிக் கையைப் பற்றினான் என்பதெல்லாம் இருந்தது. தண்ணீர்கூடக் கொடுத்திருந்தார்.

மறுபடி அச்சடிக்க நேரமில்லை. அந்தப் பக்கங்களை எடுத்துவிடலாம் என்று இரண்டாம் தாளை உருவினேன். மூன்றோடு பத்து வந்தது. திருப்பினால் நான்கோடு ஒன்பது. எனக்குத் தெரியாத கணக்கா அது? பக்கங்களைப் பங்கிட்டபோது தாளை நினைக்கவில்லை. அவர் பொய்யும் என் இருபத்தைந்து நிமிஷமும் ஒரே தாளில் ஒட்டிப் பிறந்திருந்தன.

அவர் பாதியை மட்டும் வெட்டலாம். பின் பிடிக்க விரலளவு ஓரம் விட வேண்டும். இருநூறு பிரதியிலும் அது துருத்திக்கொண்டு நிற்கும். பார்ப்பவரெல்லாம் என்ன வெட்டினீர்கள் என்று கேட்பார்கள். பதில் சொல்லத்தான் எனக்கு வாய் கிடையாதே. மதியம் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு இருநூறு இரண்டாம் தாள்களையும் ஒதுக்கிவிட்டு, மீதி இரண்டை மடித்துப் பின் அடித்தேன். எட்டுப் பக்கம். இரண்டுக்கு அடுத்து ஐந்து.

கூட்டத்தில் அண்ணன் மலரை முன்னும் பின்னும் புரட்டினார்.

"என் பக்கம் எங்கம்மா?"

"அந்தத் தாளை எடுத்துட்டேன் மாமா. என்னோடதும் அதுலதான் இருந்துச்சு."

எட்டுக்கு அடுத்துப் பதினொன்று இருப்பதைப் பார்த்தார். "அப்ப உனக்கு இதுல என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. நீங்க அங்க இல்ல. அவ்வளவுதான்."

மலரை நாற்காலியில் வைத்துவிட்டு மேடையேறினார். எழுதியதையெல்லாம் ஒன்றுவிடாமல் மைக்கில் சொன்னார். தண்ணீர் கொடுத்த இடத்தில் குரல் உடைந்தது. முன்வரிசையில் அழுதார்கள். சங்கச் செயலாளர் என்னிடம் வந்து, "அண்ணனாவது பக்கத்துல இருந்தாரே, அதுவே பெரிய ஆறுதல்" என்றார். நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து ஒரு மலரின் பின்னைக் கழற்றித் தாள்களை மேசையில் பரப்பினேன். பன்னிரண்டும் ஒன்றும். இரண்டும் பதினொன்றும். எட்டும் ஐந்தும். ஆறும் ஏழும். எல்லாம் பதின்மூன்றுதான் வருகிறது.